மூக்கோரத்து மேடு

எங்கள் கைரியா மாமி கண்டியில் பாதிப்பேருடைய மூக்கைத் திருத்தியவள். சொன்னால் சிரிப்பீர்கள். பெரிய முதலாளிமார், கோட்டுப் போட்ட முதலியார்மார், மாப்பிள்ளை வீட்டுக்குப் படம் அனுப்பக் காத்திருந்த குமர்ப்பிள்ளைகள் என்று எல்லோருடைய அம்மைத் தழும்பும் முகப்பருவும் கண்ணுக்குக் கீழ்த் தொங்கலும் அவளுடைய பென்சில் முனையில்தான் மறைந்து போயின. அவர்களில் ஒருவருக்கும் அப்படி ஒருத்தி இருப்பது தெரியாது. படம் எடுத்தவர் நளீர் மாமா என்றும், படத்தில் தாங்கள் அழகாக இருப்பது தங்கள் சொந்த அழகு என்றும் நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

மாமாவின் ஸ்டூடியோ திருகோணமலை வீதியில் இருந்தது. முன்னால் கடை, மேலே கண்ணாடிக் கூரை போட்ட அறை, பின்னால் வீடு. பெண்களின் படத்தை வெளி ஆண் ஒருவன் உட்கார்ந்து உற்றுப்பார்த்துத் திருத்துவதை எங்கள் ஆட்கள் யாரும் விரும்பவில்லை. அதனால் கல்யாணம் முடித்த புதிதிலேயே மாமா அந்த வேலையை மாமிக்குப் பழக்கிவிட்டார். சமையலறைக்குப் பக்கத்து ஜன்னலடியில் சாய்வான மேசை ஒன்று. அதன் நடுவில் தேய்த்த கண்ணாடி, கீழே வெளிச்சத்தை மேலே திருப்பி அனுப்பும் முகம் பார்க்கும் கண்ணாடி. அதில் நெகட்டிவ் பிளேட்டை வைத்து, மருந்து பூசிய பக்கத்தில் ஒருவித வார்னிஷைத் தேய்த்து, ஊசி போலச் சீவிய கடினப் பென்சிலால் மாமி புள்ளி புள்ளியாகப் போடுவாள். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். பென்சில் பட்ட இடம் தாளில் வெளுக்கும். கத்தி முனையால் சுரண்டிய இடம் தாளில் கறுக்கும். வலது இடமாகவும் தெரியும். மாமிக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. அடுப்பில் ஆணம் கொதிக்கும்போதே ஒருத்தியின் தாடையைச் சின்னதாக்கிவிட்டு எழும்பிப் போய்க் கிண்டிவிட்டு வருவாள்.

அவளிடம் ஒரே ஒரு பிடிவாதம் இருந்தது. முகத்தில் மேடு என்று ஒன்றைக் கண்டால் கை தானாகப் போய்விடும். மருவோ கட்டியோ வடுவோ, கேள்வியே இல்லை, அது போயாக வேண்டும். "ஆக்கள் மூஞ்சியப் பார்க்கத்தான் காசு குடுக்கிற, கட்டியப் பார்க்க இல்ல" என்பாள். நியாயமான பேச்சுத்தான். அந்த நியாயம் ஒரு தடவை அவளை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். மாமி இதை எனக்குச் சொன்னபோது அழவில்லை. கோபப்பட்டாள். யார் மேல் என்று எனக்கு இன்றுவரை முழுதாக விளங்கவில்லை.

அது மலேரியாக் காய்ச்சல் வந்த வருஷம், முப்பத்துநாலின் கடைசி. தீபாவளி முடிந்து கொஞ்ச நாளில் கலஹாவுக்கு மேலே உள்ள தோட்டமொன்றிலிருந்து ராக்கம்மா என்ற கொழுந்தெடுக்கும் பெண் ஸ்டூடியோவுக்கு வந்தாள். கூட வந்த புருஷன் இருளப்பன் கடைக்குள் ஏறப் பயந்து வீதியிலேயே நின்றான். அவர்களுடைய மகள் சுப்பம்மா, பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளை, அக்குறணையில் ஒரு துணிக்கடைக்காரர் வீட்டில் வேலைக்கு நின்றவள். தீபாவளிக்கு வீட்டுக்கு வருவதாக இருந்தது. வரவில்லை. தகப்பன் தேடிப் போனபோது அந்த வீட்டார், பிள்ளை தீபாவளிக்கு முதல் நாளே துணி மூட்டையோடு புறப்பட்டுவிட்டதே என்று திகைத்தார்கள். அக்குறணைக்கும் கலஹாவுக்கும் நடுவில் எங்கேயோ ஒரு பிள்ளை இல்லாமல் போய்விட்டாள்.

பொலிசில் ஒரு கொஸ்தாப்பு, படம் இருந்தால் கொண்டுவா, தேடிப்பார்க்கலாம் என்றிருக்கிறார். தோட்டத்து லயத்துக் குடியிருப்பில் இருக்கிறவளிடம் ஏது படம்? ஆனால் முந்தின வருஷம் தோட்டத்துப் பெரிய தொரை சீமைக்குத் திரும்பியபோது, ஆட்கள் எல்லாரையும் தேயிலை ஸ்டோருக்கு முன்னால் வரிசையாக நிறுத்தி ஒரு படம் எடுத்தார்கள். எடுத்தவர் நளீர் மாமா. அந்தப் பிளேட் கண்டியில்தான் இருக்கும் என்று கணக்கப்பிள்ளை சொன்னாராம். அதைத் தேடிக்கொண்டு ராக்கம்மா கலஹாவிலிருந்து நடந்தே வந்திருந்தாள்.

மாமா பெட்டிகளை இறக்கி அந்தப் பிளேட்டைக் கண்டுபிடித்தார். மூன்றாவது வரிசையில் சுப்பம்மா நின்றாள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, வாயை இறுக்கி மூடி, ஒரு கிழவிக்கும் தூணுக்கும் நடுவில். முகம் ஒரு பயற்றங்காய் விதை அளவு. பெரிதாக்கித் தரலாம் என்று மாமா சொன்னதும் ராக்கம்மா அழத் தொடங்கினாள். பெண்பிள்ளை அழுவதைக் கடையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் மாமா அவளைப் பின்னால் மாமியிடம் அனுப்பிவிட்டார்.

அங்கேதான் மூக்குத்திப் பேச்சு வந்தது. படம் எடுத்தபோது சுப்பம்மா பெரியவளாகவில்லை, மூக்குக் குத்தவுமில்லை. குத்தியது அதற்குப் பிறகு. இப்போது போகிற வருகிற இடமெல்லாம் ராக்கம்மா கேட்பது, மூக்குத்தி போட்ட புள்ளயப் பார்த்தீங்களா என்றுதான். காதில் வாங்குகிறவர்களும் முதலில் திருப்பிக் கேட்பது அதைத்தான், எந்தப் பக்கம், கல்லு வச்சதா, பெருசா சின்னதா என்று. மூக்குத்தி இல்லாத படத்தைக் காட்டினால் ஒருவருக்கும் அடையாளம் பிடிபடாது.

"அதுல மூக்குத்தி வச்சுக் குடுங்கம்மா. அது இல்லாட்டி அது என் புள்ள இல்ல," என்றாள் ராக்கம்மா.

மாமி அதுவரைக்கும் எத்தனையோ மூக்குத்தியைப் படத்தில் பார்த்திருந்தாள். ஒன்றையாவது கையால் தொட்டதில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் மூக்குக் குத்துவதில்லை. அவளுக்குத் தெரிந்த மூக்குத்தி நெகட்டிவில் தெரியும் மூக்குத்திதான். அது சதையில் எப்படி உட்காரும் என்பது தெரியாமல், வட்டமாக ஒரு பொட்டு வைத்தால் போதுமே என்று நினைத்தாளாம்.

ராக்கம்மாவின் மூக்கில் இடது பக்கம் ஒரு மூக்குத்தி இருந்தது. வலது பக்கம் வெறும் துளை. கல்யாணத்துக்கு இரண்டு பக்கமும் போட்ட சோடி அது. மகள் பெரியவளானபோது வலது பக்கத்ததைக் கழற்றி அவளுக்கும் வலது பக்கமே போட்டுவிட்டாளாம். ஆக, சுப்பம்மாவிடம் இருப்பதன் அச்சு அசல் தாயின் மூக்கிலேயே இருந்தது. அளவுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? மாமி நூல் ஒன்றை எடுத்து மூக்குத்தியின் குறுக்கே பிடித்து அளந்தாள். பிறகு மூக்கோரத்துச் சதையான சோணையின் அகலத்தை அளந்தாள். மூக்குத்தி சோணையின் மூன்றில் ஒரு பங்கு வந்தது. பெரிதாக்கிய படத்திலும் அதே பங்குதான் இருக்க வேண்டும். மகளின் மூக்கு சின்னது, அதனால் அரை இழை கூட வைத்துக்கொண்டாள். உள்ளங்கை அளவு முகத்தில் அது ஒரு கடுகு.

ராக்கம்மா மாமியின் விரலைப் பிடித்துத் தன் மூக்கில் வைத்தாள். உள்ளே திருகு இறுக்குகிறது, வெளியே தட்டை அமுக்குகிறது. நடுவில் அகப்பட்ட சதை தட்டையின் ஓரத்தைச் சுற்றி மெல்லப் பொம்மிக்கொண்டு நின்றது. தலையணையில் சட்டைப் பொத்தானைத் தைத்து இழுத்தால் வருமே, அந்தப் பொம்மல். அது இல்லாமல் வைத்தால் மூக்குத்தி மூக்கில் ஒட்டிய ஈ போலத்தான் இருக்கும். இதை மாமி வெகுநேரம் தடவிப் பார்த்தாள். பிறகு கேட்டாள், பிள்ளையின் மூக்கிலும் இப்படித்தானா?

ராக்கம்மா கொஞ்சம் தாமதித்தாளாம். அந்தத் தாமதம் மாமியின் காதில் விழவில்லை.

"ஆமாம்மா. நல்லா ஒட்டி, அழகா இருக்கும்," என்றாள்.

மாமா முகத்தை மட்டும் பெரிதாக்கி, அதைத் திரும்பவும் ஒரு பிளேட்டில் எடுத்துக் கொடுத்தார். மாமி உட்கார்ந்தாள். முதலில் வைத்த மூக்குத்தி பளபளவென்று ஒரு நட்சத்திரமாக வந்தது. தங்கம் என்றால் மின்ன வேண்டுமே. ஆனால் அச்சடித்துப் பார்த்தால் எங்கேயோ உதைத்தது. என்ன பிழை என்று மறுநாள் தொரையின் பெரிய பிளேட்டிலிருந்து ஒரு அச்சுப் போட்டு, சுப்பம்மாவுக்குப் பக்கத்தில் நின்ற கிழவியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். கிழவிக்கு இரண்டு பக்கமும் மூக்குத்தி. இரண்டும் மின்னவில்லை, கறுப்பாக இருந்தன. மஞ்சளும் சிவப்பும் அந்தக் காலத்துப் பிளேட்டில் கறுப்பாகத்தான் விழும். தங்கம் என்பது ஒரு கறுத்த புள்ளி, அதில் வெயில் பட்ட இடத்தில் மட்டும் ஊசி குத்தினாற்போல ஒரு வெள்ளை. அன்று வெயில் இவர்களுடைய இடது பக்கம் மேலிருந்து அடித்திருந்தது. கிழவியின் இடது மூக்குத்தியில் அந்த வெள்ளை கூர்மையாக இருந்தது. வலது பக்கத்தது மூக்கின் நிழலுக்குள் அகப்பட்டு, வானத்து வெளிச்சத்தால் மட்டும் மங்கலாக ஒரு கீற்றுக் காட்டியது. சுப்பம்மாவுக்கு வைக்க வேண்டியதும் வலது பக்கம்தான். நிழலுக்குள் நட்சத்திரம் எப்படி மின்னும்?

மாமி பென்சிலைத் துடைத்துவிட்டுத் திரும்பச் செய்தாள். கத்தி முனையால் ஒரு வட்டத்தைச் சுரண்டிக் கறுப்பாக்கினாள். வெயில் பக்கத்து ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு தொடுகை. பொம்மிய சதைக்கு வெயில் பக்கம் பிறை போல மெல்லிய வெளுப்பு, மறுபக்கம் அதைவிட மெல்லிய கறுப்பு. செய்து முடித்ததும் அவள் கை சும்மா இருக்கவில்லை. மூக்கின் மேல் இருந்த சொரசொரப்பையும் இரண்டு அம்மை வடுவையும் ஒரே இழுப்பில் நிரவிவிட்டாள். மாமா பார்த்துவிட்டு, பிறந்தபோதே குத்தினது போல இருக்கிறது என்றார். மாமிக்குப் பெருமை தாங்கவில்லை.

ராக்கம்மா அந்தப் படத்தை இரண்டு கையாலும் வாங்கி நெடுநேரம் பார்த்தாள். என் புள்ள இவ்வளவு லச்சணமா என்று கேட்டாள். மாமி அதைப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டாள்.

அதன் பிறகு தொடங்கியது அலைச்சல். ராக்கம்மா கூலிப் பட்டியலில் பேர் வெட்டினாலும் வெட்டட்டும் என்று தோட்டத்து வேலையை விட்டுவிட்டு வீதிவீதியாகப் போனாள். கண்டி ரயில் ஸ்டேசன், மார்க்கட், கட்டுகஸ்தோட்டைப் பாலம், மாத்தளை றோட்டின் இரண்டு பக்கத்துத் தேத்தண்ணிக் கடைகள். எல்லாரும் படத்தை வாங்கிப் பார்த்தார்கள், மூக்குத்தி இருக்கிறதா என்றும் பார்த்தார்கள், இல்லை என்று தலையாட்டித் திருப்பிக் கொடுத்தார்கள். காய்ச்சலோ நாளுக்கு நாள் கூடிக்கொண்டு போனது. பள்ளிக்கூடங்களை மூடி ஆஸ்பத்திரியாக்கினார்கள். வண்டில்களில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்து விறாந்தையில் கிடத்தினார்கள். அலவத்துகொடைப் பக்கம் அப்படி ஒரு பள்ளிக்கூடத்து வாசலில் ராக்கம்மா படத்தை நீட்டியபோது, நர்ஸ் மிஸி ஒருத்தி வாங்கி நன்றாகப் பார்த்துவிட்டு இங்கே இல்லை என்றாளாம். உள்ளே விடவில்லை. எல்லாரையும் விட்டால் யாருக்கு மருந்து கொடுப்பது?

வாரத்துக்கு ஒரு தடவை ராக்கம்மா மாமியிடம் வந்து ஜன்னலடியில் உட்காருவாள். சோறு வைத்தால் சாப்பிடாமல் பிசைந்துகொண்டிருப்பாள். இன்னும் கொஞ்சம் பெருசா வச்சிருக்கலாமோ, இன்னும் கொஞ்சம் மின்ன வச்சிருக்கலாமோ என்று மூக்குத்தியைப் பற்றியே கேட்பாள். மாமிக்கு அது எரிச்சலாக இருந்தது. வைத்தது சரி, அளவும் சரி, வெளிச்சமும் சரி. அதற்கு மேல் தான் என்ன செய்ய முடியும் என்று உள்ளுக்குள் புழுங்கினாள். ஒருநாள் வாய்விட்டே சொல்லிவிட்டாள், மூக்குத்தியில் பிழை இல்லை, பிள்ளைதான் அந்த ஊர்களில் இல்லை என்று. ராக்கம்மா எழும்பிப் போய்விட்டாள்.

நோன்பு தொடங்க முன், அக்குறணையிலிருந்து ஹிதாயா என்ற பெண், மகளின் நிக்காஹுக்குச் சாமான் வாங்கக் கண்டிக்கு வந்தாள். சுப்பம்மா வேலைக்கு நின்றது அவள் வீட்டில்தான். மாமிக்குத் தூரத்துச் சொந்தம் என்பதால் வந்து ஏறினாள். மேசையில் கிடந்த இன்னொரு பிரதியைக் கையில் எடுத்தாள்.

"இது ஆரு, எங்கட சுப்பம்மாட தங்கச்சியா?"

அவளேதான் என்று மாமி சொன்னாள். ஹிதாயா படத்தை வெளிச்சத்துக்குப் பிடித்தாள்.

"அல்லாவே, இது அவள் இல்ல. அவள்ட மூக்குல கட்டியொண்டு ஈந்திச்சே. மூக்குத்திக்குப் பக்கத்தில, கொத்தமல்லி அளவுல. அவளப் பார்த்தா மொதல்ல தெரியிற அதுதான். மூக்குத்தியே அதுல சரிஞ்சி போய்த்தான் நிக்கிம்."

ஹிதாயா போன பிறகும் மாமி அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். அடுப்பில் சோறு கருகியது அவளுக்குத் தெரியவில்லை.

ராக்கம்மா திரும்ப வருவாளோ மாட்டாளோ என்று பயந்தாள். வந்தாள். போக வேறு இடமில்லாதவள் எங்கே போவாள்? மாமி கட்டியைப் பற்றிக் கேட்டதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. மகளுக்கு மூக்குக் குத்தியது அவள்தான். ஆசாரியிடம் கூட்டிக்கொண்டு போகாமல் தைக்கிற ஊசியைச் சுட்டுக் குத்தினாள். சீழ் வைத்தது. மஞ்சள் வைத்தாள், விளக்கெண்ணெய் வைத்தாள். புண் ஆறியது, ஆனால் துளைக்குப் பக்கத்தில் சதை வளர்ந்து கட்டியாக நின்றுவிட்டது. லயத்தில் பேசினார்கள். மூக்கில் கட்டி உள்ள பெண்ணை எவன் கட்டுவான் என்று சொந்தத் தம்பி பெண்சாதியே கேட்டாள். வயசுப் பிள்ளையின் படம் ஊர் ஊராகப் போகப்போகிறது. அதில் கட்டியையும் வைத்தால் நாளைக்குப் பிள்ளை கிடைத்தாலும் ஒரு வாழ்க்கை கிடைக்காதே என்று நினைத்தாளாம்.

"நான் செஞ்ச காயம்மா அது. அத எப்பிடி நானே காட்டுவேன்?"

மாமி திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். திட்டு வரவில்லை. தாய் மறைத்தாள், சரி. ஆனால் சொல்லியிருந்தால்தான் என்ன? அந்தக் கட்டியைப் படத்தில் வைக்கத் தன் கை சம்மதித்திருக்குமா? பார்த்தவுடன் நிரவித் தள்ளியிருப்பாளே. ஒளித்தவள் ஒருத்தி, அழித்தவள் ஒருத்தி, இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பிள்ளையை ஊரார் கண்ணுக்குத் தெரியாமல் பண்ணிவிட்டோம் என்று மாமிக்குப் பட்டது. இதைச் சொல்லும்போதுதான் என்னிடம் அவளுக்குக் கோபம் வந்தது.

பழைய பிளேட்டைத் திருத்த வழியில்லை. பென்சில் என்றால் டர்ப்பண்டைனில் துடைத்துவிடலாம், கத்தியால் சுரண்டியது திரும்பி வராது. மூக்குத்தி உட்கார்ந்த இடமும் இப்போது பிழை. மாமா மூலப் பிளேட்டிலிருந்து புதிதாக ஒரே ஒரு படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தார். இன்னொரு பிளேட் எடுத்துக் காயவைத்துத் திருத்தப் பொறுமையில்லாமல், மாமி தாளின் மேலேயே வேலையைத் தொடங்கினாள்.

ஆனால் அந்தக் கட்டி எப்படி இருக்கும்? ராக்கம்மா வாயால் சொன்னால் மாமிக்கு விளங்கவில்லை. கடைசியில் மாமி மெழுகுதிரியிலிருந்து கொஞ்சம் கிள்ளி உருட்டிக் கொடுத்தாள். ராக்கம்மா அதைத் தன் மூக்கில் வைத்து, அமுக்கி, எடுத்து, திரும்ப உருட்டி வைத்தாள். தன் மூக்குத்தியைக் கழற்றி வலது துளையில் போட்டுக்கொண்டு மெழுகை அதன் மேலோரத்தில் நெருக்கினாள். இப்பிடித்தாம்மா, இன்னும் கொஞ்சம் சப்பையா, இந்தப் பக்கம் தூக்கி. தான் மறைத்ததை அவள் தன் மூக்கிலேயே செய்து காட்டினாள்.

பிறகு அவளை ஜன்னலோரம் நிறுத்தி, வெளிச்சம் தொரையின் படத்தில் வந்த மாதிரியே இடது மேல் பக்கத்திலிருந்து விழும்படி திருப்பினாள். கட்டி மூக்குத்தியைக் கீழே தள்ளியிருந்தது. தட்டை நேராகப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துச் சரிந்து நின்றது. அப்படிச் சரிந்ததால் முன்பு மேல் ஓரத்தில் இருந்த மங்கல் கீற்றும் இல்லாமல் போயிற்று. கீழ் விளிம்பில் மட்டும் மயிர் பிடித்தாற்போல ஒரு கோடு. மினுங்கியது கட்டிதான். சதை இழுபட்டு வழுவழுப்பாக இருக்கும் என்று ராக்கம்மா சொல்லியிருந்தாள். மாமி கத்தியின் முனையால் தாளின் மேற்பரப்பை மெல்லச் சுரண்டி அந்த வெளிச்சத்தை எடுத்தாள். கட்டியின் மறுபக்க நிழலைப் பென்சிலால் அழுத்தினாள். மூக்குத்தியைக் கடைசியில் மெல்லிய தூரிகையால் கறுப்புச் சாயத்தில் வைத்தாள்.

வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு முகத்தில் மேட்டை உண்டாக்கியிருந்தாள். ராக்கம்மா எட்டிப் பார்த்தாள். படத்தின் கன்னத்தைத் தொடப் போனவள் கையை இழுத்துக்கொண்டு, சுப்பு என்று கூப்பிட்டாள்.

அடுத்த நாள் மாமா ஒரு கார் பிடித்தார். மாமியும் ஏறிக்கொண்டாள். கடைக்கு முன்பக்கம்கூட வராதவள், தலையில் முக்காட்டை இழுத்துவிட்டு மாத்தளை றோட்டில் ஒவ்வொரு இடமாக இறங்கினாள். முதல் படத்தைக் காட்டிய எல்லா இடத்திலும் இரண்டாவதைக் காட்ட வேண்டும் என்று அவளுக்கு ஒரு வெறி. இரண்டு கடைகளில் இல்லை என்றார்கள். அலவத்துகொடைக்கு இந்தப் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடைக்காரன், இந்தப் பிள்ளை மேலே ஒரு வீட்டில் மாடு பார்த்துக்கொண்டிருந்தது, காய்ச்சலில் தூக்கிக்கொண்டு போனார்கள் என்றான். முன்பு படம் காட்டியபோது ஏன் சொல்லவில்லை என்று மாமா சத்தம் போட்டார். அது வேறு பிள்ளை என்றான் அவன், மிகவும் சாதாரணமாக.

பள்ளிக்கூடத்து ஆஸ்பத்திரி வாசலில் அதே மிஸி இருந்தாள். படத்தைப் பார்த்ததும் தன் மூக்கைத் தொட்டாள். சிங்களத்தில் அவள் சொன்னதை மாமா தமிழில் சொன்னார். இந்த மூக்கு உள்ளே இருக்கிறது, ஆனால் பேர் சுப்பம்மா இல்லை, புஷ்பம் என்று சொன்னது, தாய் தகப்பன் இல்லை என்றும் சொன்னது. நீங்கள் முந்திப் படம் கொண்டுவந்த நாளிலும் அந்தப் பிள்ளை இங்கேதான் கிடந்தது.

மாமிதான் ராக்கம்மாவைக் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுபோனாள். பிள்ளைகள் உட்காரும் வாங்குகளை ஒதுக்கி நிலத்தில் பாய் போட்டிருந்தார்கள். ஒரு பாயில் மூன்று பேர்கூடக் கிடந்தார்கள். மிஸி காட்டிய இடத்தில் மொட்டை அடித்த தலையோடு எலும்பும் தோலுமாக ஒன்று சுருண்டு கிடந்தது. ஆணா பெண்ணா என்று முதலில் தெரியவில்லையாம். மாமி படத்தைப் பார்த்தாள், பாயைப் பார்த்தாள். கண் அந்தக் கண் இல்லை, கன்னம் அந்தக் கன்னம் இல்லை. மூக்கில் மூக்குத்தியும் இல்லை. தான் நூல் பிடித்து அளந்து, வெயில் பார்த்து, கடுகளவில் வைத்த அந்த மூக்குத்தி அங்கே இல்லவே இல்லை. கட்டி மட்டும் அப்படியே இருந்தது.

தாய் குனிந்ததும் பிள்ளை கண்ணைத் திறந்தது. அடையாளம் தெரிந்தது. தெரிந்த உடனே கையைத் தூக்கி மூக்கை மறைத்துக்கொண்டது.

"மூக்குத்தி பீலியில விழுந்திருச்சும்மா. கழுவக் கழட்டினேன். நாள் முழுக்கத் தேடினேன். கெடைக்கல."

அவ்வளவுதான் விஷயம். தீபாவளிக்கு முதல் நாள், வீட்டுக்குப் போகப் புறப்பட்ட பிள்ளை, ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியடியில் குளித்திருக்கிறாள். கட்டி நொந்ததால் மூக்குத்தியைக் கழற்றியிருக்கிறாள். அது தண்ணீரோடு போய்விட்டது. அம்மாவின் கல்யாண மூக்குத்தி. அது இல்லாத மூக்கோடு எப்படி லயத்து வாசலை மிதிப்பது என்று கண்டிக்குப் போகும் பக்கம் நடக்காமல் மாத்தளைப் பக்கம் நடந்திருக்கிறாள். பேரை மாற்றியிருக்கிறாள். காய்ச்சலில் கிடந்து செத்தாலும் பரவாயில்லை, அம்மாவிடம் சொல்லாமல் இருந்தால் போதும் என்று கிடந்திருக்கிறாள். தாயோ ஊரெல்லாம் அந்த மூக்குத்தியைக் காட்டித்தான் அவளைக் கேட்டுக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

ராக்கம்மா அழுவாள் என்று மாமி நினைத்தாள். அவள் அழவில்லை. மாமியின் கையிலிருந்த படத்தை வாங்கினாள். பெருவிரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, படத்தில் மூக்குத்தி இருந்த இடத்தில் வைத்துத் தேய்த்தாள். தூரிகைச் சாயம்தானே, கரைந்து விரலோடு வந்துவிட்டது. சுரண்டி எடுத்த கட்டி போகவில்லை, பென்சில் நிழலும் போகவில்லை. அந்தப் படத்தை மகளின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"பாரு சுப்பு. மூக்குத்தி இல்ல. இப்பவும் நீதான்."

பிள்ளை படத்தைப் பார்த்தது. தன் முகத்தை அதற்கு முன்பு அது படத்தில் பார்த்ததில்லை. பிறகு மூக்கை மறைத்திருந்த கையை எடுத்தது.